பீட்டா கார்பனா, கார்போனைலா? மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

செமஸ்டர் விடுமுறை வந்தால், சுங்கை சிப்புட் தோட்டப்புறங்களிலிருந்து வெளியூரில் டிகிரி படிக்கும் பிள்ளைகள் சிலர் என் டியூஷன் வகுப்புக்கு வருவார்கள். C=C-யும் C=O-வும் அடுத்தடுத்து இணைந்த ஈனோனில் நியூக்ளியோஃபைல் எங்கே ஒட்டும் என்று கேட்டால், எல்லாரிடமும் ஒரு மனப்பாடம் தயாராக இருக்கும்: "கடின நியூக்ளியோஃபைல் கார்போனைல் கார்பனில் ஒட்டும், அது 1,2-சேர்க்கை. மென்மையானது பீட்டா கார்பனில் ஒட்டும், அது 1,4-சேர்க்கை." போன வாரம் ஒரு மாணவி கேட்டாள்: "அமீன் கடினம்தானே சார்? அப்புறம் ஏன் பீட்டாவுக்குப் போகுது?"

நல்ல கேள்வி. முதல் தவறே அந்த மனப்பாடத்தில்தான் இருக்கிறது.

பியர்சன் 1963இல் வகுத்த கடின-மென்மைப் பாகுபாடு, எந்த இடத்தில் தாக்குதல் வேகமாக நடக்கும் என்று ஊகிக்க உதவும். கார்போனைல் கார்பனில் நேர்மின் சாயல் அதிகம், அதனால் மின்னூட்டம் ஒரே இடத்தில் குவிந்த கடின நியூக்ளியோஃபைலை அது இழுக்கும். பீட்டா கார்பன் பரந்த, மென்மையான ஆர்பிட்டலோடு நன்றாகச் சேரும். ஆனால் ஒட்டியது திரும்பவும் கழன்றுவிடுமா என்பதை இந்தப் பாகுபாடு சொல்லாது.

அமீன் கார்போனைலில் ஒட்டினாலும் எளிதாகக் கழன்றுவிடும். பீட்டா கார்பனிலும் அது ஒட்டும். அப்படி ஒட்டும்போது C=C போய், அதைவிட வலுவான C=O மிஞ்சுகிறது. அதனால் அந்த விளைபொருளே நிலையானது. நேரம் கொடுத்தால் எல்லாம் அங்கே வந்து சேரும். மீத்தைல்லித்தியத்துக்கு இந்த வழி இல்லை. மீத்தைல் ஒட்டியபின் மறுபடி அயனியாகக் கழன்று போகாது. எனவே எங்கே முதலில் ஒட்டியதோ, அதுவே கடைசி விளைபொருள். "கடினமா?" என்று கேட்பதற்கு முன் "திரும்பிப் போகுமா?" என்று கேட்கப் பழகுங்கள்.

அடுத்த தவறு, கிரிக்னார்டைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டு 1,2 என்று எழுதுவது. கரஷ், டானி இருவரும் 1941இல் ஐசோபோரோனை MeMgBr உடன் வினைபுரியவிட்டார்கள். பெரும்பாலும் 1,2-தான் வந்தது. அதே கலவையில் ஒரே ஒரு மோல் சதவீதம் CuCl சேர்த்ததும் 1,4-விளைபொருள் எண்பது சதவீதத்தைத் தாண்டியது. இவ்வளவு சிறிய அளவு செம்பு இவ்வளவு மாற்றுகிறது. பென்சால்அசிட்டோஃபீனோனில், அதாவது சால்கோனில், PhMgBr செம்பே இல்லாமல் பெரும்பாலும் 1,4-க்குப் போகும், PhLi 1,2-க்குப் போகும். கார்போனைல் பக்கம் எவ்வளவு நெரிசல் என்பதும் கணக்கில் வருகிறது.

லேப்பில் அதிகம் சறுக்குவது, 1,4-சேர்க்கைக்குப் பயன்படும் செம்புச் சேர்மமான கியூப்ரேட்டைத் தயாரிக்கும்போது. சைக்ளோஹெக்ஸ்-2-ஈனோனில் மீத்தைலை பீட்டா கார்பனில் சேர்க்க வேண்டும் என்று வையுங்கள். 1.90 கிராம் CuI, அதாவது 10 மில்லிமோல், உலர்ந்த ஈதரில் கலந்து 0 டிகிரியில் நைட்ரஜனுக்கு அடியில் வையுங்கள். 1.6 மோலார் MeLi-ஐச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். முதல் பாதியில் மஞ்சள் திடப்பொருள் உண்டாகும். அது MeCu, ஈதரில் கரையாது. இன்னும் விட விட மஞ்சள் மறைந்து, 12.5 மில்லிலிட்டர் ஆகும்போது தெளிந்துவிடும். அதுதான் Me₂CuLi.

```
CuI + 2 MeLi → Me2CuLi + LiI
```

மஞ்சள் மறையாமல் நிற்கிறது என்றால் MeLi போதவில்லை. பாட்டில் பழசாகி, லேபிளில் போட்டிருக்கும் செறிவு குறைந்திருக்கலாம். பயத்தில் அள்ளி ஊற்றினால் மிச்ச MeLi நேராக கார்போனைலைத் தாக்கும், 1,2-ஆல்கஹால் கலந்துவிடும். அதனால் பாட்டிலை முதலில் டைட்ரேட் செய்து செறிவைக் கண்டுபிடியுங்கள். கியூப்ரேட் சூட்டைத் தாங்காது. கலவை கறுத்தால் செம்பு பிரிந்துவிட்டது, புதிதாகத் தொடங்குவதே நல்லது. தெளிந்த கலவையை −78 டிகிரிக்குக் குளிரவைத்து, 0.77 கிராம் ஈனோனை, அதாவது 8 மில்லிமோலை, மெதுவாகச் சேருங்கள்.

எது கிடைத்தது என்று ஐஆர் பார்த்தாலே தெரியும். ஈனோனின் 1680 பக்கத்துப் பட்டை 1715-க்கு ஏறினால் 3-மீத்தைல்சைக்ளோஹெக்ஸனோன் வந்துவிட்டது. கார்போனைல் பட்டை காணாமல் 3400 அருகே அகலப் பட்டை இருந்தால், அது 1,2-ஆல்கஹால்.

இரண்டுமே இல்லையே என்று திகைக்கிறவர்களும் உண்டு. வினையை நிறுத்த வலுவான அமிலம் ஊற்றியிருப்பார்கள். அந்த மூன்றாம் நிலை அல்லைலிக் ஆல்கஹால் அமிலத்தில் நீரை இழந்து டையீனாகிவிடும், OH-உம் மறைந்துவிடும். நிறைவுற்ற NH₄Cl கரைசலால் நிறுத்துங்கள். நீர் அடுக்கு நீலமாக மாறினால் செம்பு அதில் இறங்குகிறது என்று அர்த்தம்.