குளம் ஏன் மேலிருந்து உறைகிறது: கல்லடி வீட்டுக் குசினியில் செய்து பார்த்த கதை

தரம் 9 விஞ்ஞானப் புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. குளிர் நாடுகளில் குளத்தின் மேற்பரப்பு உறைந்தாலும் அடியில் மீன்கள் உயிரோடு இருக்கும் என்று. மகள் அதை வாசித்துவிட்டு, "அப்பா, ஐஸ் மிதக்கிறது எண்டா சரி. ஆனா அடித்தண்ணி ஏன் உறையாம இருக்கு?" என்றாள். ஐஸ் மிதப்பதால்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தப் பதில் பாதிதான் சரி என்று இரண்டு கிழமைக்குப் பிறகுதான் எனக்கே விளங்கியது. மட்டக்களப்பில் யாரும் உறைந்த குளத்தைப் பார்த்ததில்லை. ஆனாலும் இந்த விஷயத்தை வீட்டிலேயே காட்டலாம். நான் இரண்டு தடவை சொதப்பி, மூன்றாவதில் சரிவந்த முறை இது.

முதலில் ஒரு சின்ன ஒப்பீடு

கொஞ்சம் தேங்காயெண்ணெயைப் பிரிட்ஜுக்குள் வைத்துக் கட்டியாக்குங்கள். காற்றுக் குமிழி இல்லாத துண்டொன்றைக் கரண்டியால் வெட்டி, திரவமாயிருக்கும் தேங்காயெண்ணெய்க்குள் போடுங்கள். அது அமிழ்ந்து போகும். பெரும்பாலான பொருட்கள் அப்படித்தான். உறையும்போது துகள்கள் நெருங்கி அடுக்குப்படுவதால் திண்மம் கனமாகிவிடும். பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீரில் ஐஸ் கட்டியைப் போட்டால் அது மிதக்கும்.

தண்ணீர் ஏன் இப்படி முரண்டு பிடிக்கிறது? ஐஸில் ஒவ்வொரு நீர் மூலக்கூறும் சரியாக நான்கு அயல் மூலக்கூறுகளை ஐதரசன் பிணைப்பால் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பிடித்த கைகளுக்குக் குறிப்பிட்ட கோணம் வேண்டியிருப்பதால் நடுவில் அறுகோண வெற்றிடங்கள் விழுகின்றன. உருகும்போது அந்தக் கட்டமைப்பு பகுதியாக இடிந்து, மூலக்கூறுகள் இடைவெளிகளுக்குள் நுழைந்துகொள்ளும். ஆகவே 1 லீற்றர் தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 1.09 லீற்றர் ஐஸ் ஆகும். முட்ட நிரப்பி மூடிய போத்தலை ஃபிரீஸரில் மறந்துவிட்டவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

இதுவரை ஐஸ் மிதப்பதற்கான காரணம் மட்டுமே. மகள் கேட்டது வேறு.

நான் ஏமாந்த இடம்

முதல் முயற்சியாக ரெஜிபோம் கோப்பையில் தண்ணீர் ஊற்றி, பக்கங்களையும் அடியையும் இன்னும் ரெஜிபோமால் சுற்றி, மேல்பக்கத்தைத் திறந்தபடி ஃபிரீஸரில் வைத்தேன். இரண்டு மணித்தியாலத்தில் மேலே மெல்லிய ஐஸ், கீழே தண்ணீர். "பார், குளம்!" என்று காட்டினேன்.

அது ஒன்றையும் நிரூபிக்கவில்லை. நான் மேல்பக்கத்தை மட்டும் திறந்து வைத்தேன், வெப்பம் அந்தப் பக்கத்தால் மட்டும் வெளியேறியது, அங்கே முதலில் உறைந்தது, அவ்வளவுதான். ஐஸ் தொழிற்சாலையில் கனஐஸ் செய்வதைப் பார்த்திருந்தால் இது உடனே விளங்கும். தண்ணீர் நிரப்பிய தகரங்களைக் குளிரூட்டிய உப்புக் கரைசலுக்குள் இறக்கி வைப்பார்கள். குளிர் எல்லாப் பக்கத்தாலும் வருவதால் ஐஸ் சுவரிலிருந்து நடுவை நோக்கி வளரும். கரைந்திருந்த காற்றும் உப்பும் நடுவுக்குத் தள்ளப்படும். மீனுக்குப் போடும் ஐஸ் பாளத்தின் நடுவில் வெள்ளையாய் ஒரு கோடு ஓடுமே, அது அதனால்தான்.

அடித்தண்ணீர் மேல் தண்ணீரைவிட வெப்பமாக நிற்குமா என்பதுதான் உண்மையான கேள்வி. அதற்கு வெப்பத்தை மேலாலோ கீழாலோ எடுக்காமல் *நடுவால்* எடுக்க வேண்டும். இந்த யோசனை எடின்பரோவில் இரசாயனப் பேராசிரியராக இருந்த தோமஸ் சார்ல்ஸ் ஹோப்புடையது. 1805 இல் வெளியிட்டார். பழைய பாடப்புத்தகங்களில் ஹோப்பின் உபகரணம் என்று படம் போட்டிருப்பார்கள்.

வேண்டிய சாமான்

1.5 லீற்றர் பிளாஸ்ரிக் தண்ணீர்ப் போத்தல் ஒன்று, கழுத்து வெட்டியது. வெப்பமானி இரண்டு. நொறுக்கிய ஐஸ் 2 கிலோ, கல்லுப்பு, இரண்டு மூன்று சொப்பிங் பை, ஒரு துண்டு பழைய சைக்கிள் ரியூப், மீன் பெட்டியிலிருந்து வெட்டிய ரெஜிபோம். வெப்பமானிக்கு நான் கம்பி முனையுள்ள டிஜிற்றல் வகையைத்தான் சொல்வேன். கண்ணாடி வெப்பமானியில் 4 ஐயும் 5 ஐயும் பிரித்துப் பார்ப்பதற்குள் கண் வலித்துவிடும், பிள்ளைகள் கையில் உடைந்தும் போகும்.

ஐஸ் வாங்கப் போனபோது மச்சான் கண்டுவிட்டு, "என்ன மச்சான், தோணி வாங்கிற்றியா?" என்று கேட்டதைத் தவிர்க்க முடியவில்லை.

வெப்பமானியைச் சரிபார்த்தல் (இதைத் தாண்டிப் போகாதீர்கள்)

இரண்டாவது முயற்சி இங்கேதான் கவிழ்ந்தது. அடி வெப்பமானி இறங்கி இறங்கி 2.5 இல் நின்றது. நாலு எங்கே என்று ஒரு பின்னேரம் முழுவதும் தலையைச் சொறிந்தேன். இரண்டு வெப்பமானியையும் ஒரே தம்ளரில் வைத்துப் பார்த்தால் ஒன்று மற்றதைவிட 1.5 பாகை குறைவாகக் காட்டியது.

ஆகவே முதலில் ஒரு தம்ளரில் நன்றாக நொறுக்கிய ஐஸை நிரப்பி, இடைவெளி மூடும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். வெப்பமானி முனை ஐஸின் நடுவில் இருக்க வேண்டும், தம்ளர் சுவரில் முட்டக்கூடாது. கலக்கி 3 நிமிடம் பொறுங்கள். காட்ட வேண்டியது 0. என்ன காட்டுகிறதோ அந்த வித்தியாசத்தை வெப்பமானியிலேயே ஒட்டி எழுதி, பிறகு வரும் எல்லா அளவீட்டிலும் கழித்தோ கூட்டியோ கொள்ளுங்கள். இதற்கு வீட்டுப் பிரிட்ஜில் உறையவைத்த ஐஸ் நல்லது. மீன் வாடி ஐஸில் உப்புப் பட்டிருந்தால் அந்தக் கலவை 0 க்குக் கீழே போய், சரியான வெப்பமானியும் பிழைபோலத் தெரியும்.

பரிசோதனை

தண்ணீரை முதல் நாளே பிரிட்ஜில் வைத்து 9, 10 பாகைக்குக் கொண்டுவாருங்கள். சோம்பலில் குழாய்த் தண்ணீரை அப்படியே விட்டால் என்ன நடக்கும் என்று கணக்குப் பார்க்கலாம். நம்முடைய 30 பாகைத் தண்ணீர் 1 லீற்றரை 4 பாகைக்கு இறக்க ஏறக்குறைய 109 கிலோ யூல் எடுக்க வேண்டும். 1 கிலோ ஐஸ் உருக 334 கிலோ யூல். அதாவது 325 கிராம் ஐஸ் அந்த வேலைக்கே போய்விடும், அறையிலிருந்து உள்ளே வரும் சூடு வேறு. 10 பாகையில் தொடங்கினால் 75 கிராம் போதும்.

போத்தலை ரெஜிபோம் துண்டின் மேல் வையுங்கள். சீமெந்துத் தரையில் நேரே வைத்தால் அடியால் சூடு ஏறி, அடித்தண்ணீர் 6 இலேயே நின்றுவிடும். ஒரு வெப்பமானி முனை அடியிலிருந்து 2 சென்ரிமீற்றர் மேலே, மற்றது நீர்மட்டத்திலிருந்து 2 சென்ரிமீற்றர் கீழே. நொறுக்கிய ஐஸுடன் உப்பைக் கலந்து (ஐந்து பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு) பையில் போட்டு, போத்தலின் இடுப்பைச் சுற்றிக் கட்டி, சைக்கிள் ரியூப்பால் இறுக்குங்கள். மேலும் கீழும் மிச்சமுள்ள பகுதியை ரெஜிபோமால் மூடுங்கள். உப்பைக் கூட்டினால் இன்னும் குளிரும்தான். ஆனால் உட்சுவரில் ஐஸ் ஒட்டி வளர்ந்து குளிரைத் தடுத்துவிடும்.

அதன் பிறகு தொடவே வேண்டாம். கலக்கினால் எல்லாம் கெட்டது. பை உருகினால் மெதுவாக மாற்றலாம்.

என் வீட்டில் வந்தது இது. தொடக்கத்தில் மேலும் கீழும் 9. பத்து நிமிடத்தில் அடி 7, மேல் இன்னும் 9. இருபத்தைந்தாவது நிமிடம் அடி 5, மேல் 8.5. முப்பத்தைந்தில் அடி 4 க்கு வந்து நின்றது. நின்றது நின்றதுதான். அதற்குப் பிறகுதான் மேல் வெப்பமானி இறங்கத் தொடங்கியது. 7, 5, 3... எழுபதாவது நிமிடமளவில் மேலே 0.5, அடியில் அதே 4. மகள் இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்து, "மேல குளிர், கீழ சூடு, தலைகீழா நிக்குது" என்றாள்.

நடந்தது என்னவென்றால், 9 இலிருந்து 4 வரை குளிர்ந்த தண்ணீர் அடர்த்தி கூடி, நடுவிலிருந்து கீழே வழிந்தது. 4 பாகைக்குக் கீழே மூலக்கூறுகள் ஐஸ்போன்ற திறந்த அமைப்புக்கு மாறத் தொடங்குவதால் அடர்த்தி குறைகிறது. 3 பாகைத் தண்ணீர் 4 பாகைத் தண்ணீரைவிட இலேசு. அதனால் நடுவில் இன்னும் குளிர்ந்த தண்ணீர் இப்போது மேலே ஏறியது. வித்தியாசம் மிகச் சிறிது. 4 இல் ஒரு லீற்றர் 999.97 கிராம், 0 இல் 999.84 கிராம். ஒரு சிட்டிகை உப்பளவு. கலக்கக்கூடாது என்று சொன்னது அதனால்தான்.

இனி குளம்

வெளியே காற்று 0 க்குப் பல பாகை கீழே என்று வையுங்கள். மேல் தண்ணீர் குளிர்ந்து இறங்க, கீழ்த் தண்ணீர் மேலே வர, இப்படிப் புரண்டு முழுக் குளமும் 4 க்கு வரும். அதன் பிறகு புரளல் நின்றுவிடும். மேற்படை மட்டும் 3, 2, 1 என்று இறங்கி உறையும். உறைந்த ஐஸ் மிதப்பதால் அங்கேயே மூடிபோல நிற்கும். இந்த 4 பாகைக் குணம் இல்லாமல் ஐஸ் மிதக்க மட்டும் செய்திருந்தால், அப்போதும் மேலேதான் உறையும். ஆனால் முழுக் குளமும் 0 க்கு வந்த பிறகுதான். மகளின் கேள்விக்கான மிச்சப் பாதி இதுதான்.

ஐஸ் தடிக்கத் தடிக்க வெப்பம் வெளியேறுவது மெதுவாகும். ஒரே குளிரில் 10 சென்ரிமீற்றர் ஐஸ் வளர எடுக்கும் காலத்தைப்போல் நான்கு மடங்கு வேண்டும், 20 ஆவதற்கு. ஆழமான குளம் அடிவரை உறையாதது இதனால். ஆழமற்றது முழுவதும் உறைந்துவிடலாம்.

மீன் தப்புவது எல்லா மீனுக்கும் இல்லை. கார்ப் போன்ற குளிர் தாங்கும் மீன்கள் அடியில் அசையாமல், தீனி ஏறக்குறைய எடுக்காமல் கிடக்கும். குளிர்ந்த தண்ணீரில் ஒட்சிசனும் அதிகம் கரையும்: 4 பாகையில் லீற்றருக்கு 13 மில்லிகிராம் அளவு, 30 பாகையில் 7.5 அளவு. நம் உன்னிச்சைக் குளத்துத் திலாப்பியாவைக் கொண்டுபோய் அங்கே விட்டால் ஐஸ் வரும்வரைகூடக் காத்திராது, 10 பாகையளவிலேயே செத்துவிடும். கார்ப்புக்கும் ஆபத்து உண்டு. ஐஸின் மேல் தடிப்பாய்ப் பனி விழுந்து வெளிச்சத்தை மறைத்தால் நீர்த்தாவரங்கள் ஒட்சிசன் விடாது. அழுகும் இலைகள் இருப்பதையும் தின்றுவிடும். வசந்தத்தில் ஐஸ் உருகும்போது மீன்கள் செத்து மிதப்பது பெரும்பாலும் மூச்சுத் திணறலால்.

பிற்சேர்க்கை: கல்முனையிலிருந்து ஒரு ஆசிரியர் எழுதியிருந்தார், அடி வெப்பமானி 4 இல் நிற்காமல் 2 க்கும் கீழே போகிறது, வெப்பமானி சரியாகத்தான் இருக்கிறது என்று. என்ன தண்ணீர் என்று கேட்டேன். பிள்ளைகள் கடற்கரையிலிருந்து அள்ளி வந்ததாம். உப்புச் சேரச் சேர அந்த 4 பாகைப் புள்ளி கீழே இறங்கும். கிலோவுக்கு 25 கிராமளவு உப்பைத் தாண்டினால் உறைநிலைக்கு முன் அப்படி ஒரு புள்ளியே இல்லை, உறையும்வரை தண்ணீர் அடர்த்தி கூடிக்கொண்டே போகும். கடல்நீரில் அது 35 கிராமளவு. முகத்துவாரத்துப் பக்க வாவித் தண்ணீரும் கோடையில் நம்பத்தகாதது. கிணற்றுத் தண்ணீரில் செய்யுங்கள்.