சம்பளம் கூட்டிக் கேட்டு எழுதும் கடிதம்: நான் செய்த தவறு, இன்னும் எல்லோரும் செய்கிற தவறு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு தம்பி போனை நீட்டினான். "அக்கா, ஆஃபர் வந்திருக்கு. கொஞ்சம் கூட்டிக் கேட்டு லெட்டர் எழுதியிருக்கேன். ஒரு தடவை பாருங்களேன்." சரக்கு அனுப்பும் கம்பெனிகளில் ஏற்றுமதி ஆவண வேலையில் வளர்ந்தவள் நான். இப்போது ஆள் எடுப்பதும் ஆஃபர் எழுதுவதும் என் வேலையில் ஒரு பகுதி. பெயர் எழுத்துப்பிழை, 'டியர் சார்' மாதிரி சில்லறைகளை நான் பார்ப்பதில்லை. அவன் கடிதத்தின் மூன்றாவது வரியிலேயே என் பழைய தவறு உட்கார்ந்திருந்தது.

சிடிசியைக் கூட்டிக் கேட்பது

"மொத்தச் சிடிசியை 6,80,000 ஆக உயர்த்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்." இதுதான் அந்த வரி. சிடிசி என்றால் கம்பெனி ஒருவருக்காக வருடத்துக்குச் செலவழிக்கும் மொத்தக் கணக்கு, கைக்கு வரும் சம்பளம் இல்லை.

இதே மாதிரி ஒரு வரியை என் இரண்டாவது வேலைக்கு நானும் எழுதினேன். ஆஃபர் 3,00,000. நான் கேட்டது 3,60,000. அன்று மதியமே சரி என்று பதில் வந்துவிட்டது. அவ்வளவு சீக்கிரம் சரி சொல்கிறார்களே என்று அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நானோ வீட்டுக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு போனேன். முதல் மாதச் சம்பளம் வந்தபோதுதான் தெரிந்தது. பழைய ஆஃபரில் என்ன கைக்கு வந்திருக்குமோ, அதே தொகை. கூடுதல் 60,000-த்தில் 48,000 வருட முடிவில் இலக்கைப் பார்த்துத் தரும் வேரியபிளாகப் போயிருந்தது. மீதி 12,000, அதுவரை கணக்கில் காட்டாத காப்பீட்டு பிரீமியமும், வேலையை விட்டு விலகும்போது தரும் கிராஜுவிட்டியும். அந்த வருடம் கிளைக்கு இலக்கு எட்டவில்லை, வேரியபிளில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. யாரையும் குறை சொல்ல வழியில்லை. நான் கேட்ட எண்ணை அப்படியே கொடுத்திருந்தார்கள். இன்றைக்கும் நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

தம்பியின் ஆஃபரைப் பிரித்துப் பார்த்தோம். சிடிசி 6,00,000. அதில் வேரியபிள் 60,000. கம்பெனி கட்டும் பிஎஃப் மாதம் 1,800 வீதம் 21,600. அடிப்படைச் சம்பளம் மாதம் 25,000 என்பதால் கிராஜுவிட்டிக்கு அதில் 4.81 சதவீதம், வருடத்துக்கு 14,430. காப்பீட்டு பிரீமியம் 11,970. எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சுவது 4,92,000, அதாவது மாதம் 41,000. இதுதான் ஃபிக்ஸட். இதிலும் அவன் பங்கு பிஎஃப் 1,800 போனால் கைக்கு 39,200 வரும், தொழில் வரி தனி. கிராஜுவிட்டி நிரந்தர ஊழியருக்கு ஐந்து வருடம் முடித்தால்தான் பொதுவாகக் கிடைக்கும். இரண்டு வருடத்தில் வேலை மாறுகிறவருக்கு அது காகிதத்தில் இருக்கும் பணம்.

இப்போது அவன் கேட்ட கூடுதல் 80,000-ஐ நான் ஆஃபர் எழுதும் நாற்காலியில் உட்கார்ந்து நிரப்பிக் காட்டினேன். வேரியபிளில் 50,000. ஜாயினிங் போனஸ் 20,000. கடிதத்தின் கீழே அப்பா அம்மாவுக்கும் காப்பீடு வேண்டும் என்று எழுதியிருந்தான், அதற்கு பிரீமியம் 10,000. கணக்கு சரியாகிவிட்டது, ஃபிக்ஸட் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. அவன் சலுகையாகக் கேட்டதும் அவன் கூடுதலிலிருந்தே போய்விட்டது. "அப்போ நான் என்னதான்க்கா கேட்டேன்?" என்றான்.

இதில் இன்னொரு சேதமும் உண்டு. பல கம்பெனிகளில் அடுத்த வருட உயர்வை ஃபிக்ஸட் மேல்தான் போடுவார்கள். ஆரம்பத்தில் விட்டது வருடா வருடம் கூடவே வரும்.

அதனால் கடிதத்தில் 'வேரியபிள், பிஎஃப், கிராஜுவிட்டி, காப்பீடு நீங்கலாக மாத ஃபிக்ஸட் சம்பளம்' என்று ஒரே ஒரு எண்ணைக் கேளுங்கள். ஆஃபரில் பிரிவுப் பட்டியல் இல்லையென்றால் கடிதம் எழுதும் முன்பே அதைக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக் கஷ்டத்தைக் காரணமாக எழுதுவது

வாடகை, தங்கை கல்யாணம், வண்டி இஎம்ஐ: ஒன்றும் வேண்டாம்.

'சந்தை நிலவரப்படி' என்று எழுதிவிட்டு நிறுத்துவது

எந்தச் சந்தை? ஸ்ரீபெரும்புதூர் கார் தொழிற்சாலையில் ஒருவர் வாங்குவது மணலியில் கன்டெய்னர் வேலைக்குப் பொருந்தாது. அதே வேலை, அதே அனுபவம், அதே சுற்றுவட்டாரம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். தம்பியை மணலி, மாதவரம், பாரிமுனைப் பக்கம் வந்திருந்த வேலை விளம்பரங்களையும், கடந்த ஒரு வருடத்தில் வேலை மாறிய இரண்டு நண்பர்களையும் விசாரிக்கச் சொன்னேன். சிடிசி கேட்காதே, ஃபிக்ஸட் கேள் என்றேன். 43,000-லிருந்து 49,000 வரை வந்தது. அப்புறம், அந்த வரம்பின் மேல்பாதியில் தான் ஏன் நிற்க வேண்டும் என்று சொல்ல அவனிடம் ஒரு காரணம் இருந்தது. சுங்கத் துறைத் தேர்வு எழுதி, சுங்கத்தில் சரக்கு அனுமதி வேலை பார்க்க உரிமை தரும் ஜி கார்டு வாங்கியவன். எல்லோரிடமும் அது இருக்காது. அதை ரெஸ்யூமேயில் போட்டுவிட்டு கடிதத்தில் மறந்திருந்தான்!

இல்லாத ஆஃபரை இருப்பதாகச் சொல்வது

நகலைக் கேட்பார்கள்.

சலுகைகளை மளிகைச் சீட்டு மாதிரி எழுதுவது

அவன் எட்டு கேட்டிருந்தான், ஜிம் உட்பட. எட்டு கேட்டால் அவர்களுக்கு எது மலிவோ அதை எடுத்துக் கொடுத்துவிட்டு, பேச்சு முடிந்தது என்பார்கள். மூன்றாகக் குறைத்தோம், எது முக்கியமோ அந்த வரிசையில். கடிதம் ஆங்கிலத்தில்தான் போனது. நடுப்பகுதியின் சாரம் இது:

> தங்கள் ஆஃபருக்கு நன்றி. இந்தப் பணியில் சேர விரும்புகிறேன். வடசென்னைப் பகுதியில் ஐந்து ஆண்டு அனுபவமுள்ள ஏற்றுமதி ஆவணப் பணியாளர்களுக்கு, வேரியபிள் நீங்கலாக, மாதம் 43,000 முதல் 49,000 வரை வழங்கப்படுவதாக அறிகிறேன். நான் ஜி கார்டு பெற்றிருப்பதால் தனி ஆள் இன்றி சுங்கப் பணிகளையும் கவனிக்க முடியும். எனவே மாத ஃபிக்ஸட் சம்பளத்தை 41,000-லிருந்து 47,000 ஆக மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.
>
> இதற்குத் தனியாகக் கீழ்க்கண்டவற்றையும் பரிசீலிக்க வேண்டுகிறேன்:
> 1. பெற்றோருக்கும் மருத்துவக் காப்பீடு
> 2. கப்பல் கட்-ஆஃப் நாட்களில் இரவு 10 மணிக்கு மேல் வேலை நீடித்தால் வீடு திரும்ப வண்டி
> 3. தற்போதைய நிறுவனத்தில் நோட்டீஸ் காலம் முடியும் முன் விலக நான் கட்ட வேண்டிய 30 நாட்களுக்கான தொகை

'இதற்குத் தனியாக' என்ற இரண்டு சொல்தான் இந்தக் கடிதத்தின் பூட்டு. அது இல்லையென்றால் மூன்று சலுகையும் 47,000-க்குள்ளேயே புகுந்துவிடும். 'இல்லையேல் சேர இயலாது' என்று ஒரு வரி முதலில் இருந்தது, எடுக்கச் சொன்னேன். 44,500-க்குக் கீழே என்றால் வேண்டாம் என்று அவன் மனதில் முடிவெடுத்திருந்தான். அது அவனோடு இருந்தால் போதும்.

நான்காவது நாள் ஹெச்ஆர் போனில் கூப்பிட்டார். ஃபிக்ஸட் 45,500, பெற்றோர் காப்பீடு உண்டு, வண்டி உண்டு, நோட்டீஸ் தொகை முடியாது. வேரியபிள் அதே 60,000-லேயே இருந்தது. வருடத்துக்கு 54,000 ஃபிக்ஸடில் ஏறியிருக்கிறது.

ஜாயினிங் போனஸைச் சம்பளமாக எண்ணுவது

ஒரு முறைதான் வரும். ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்டு என்ற வரி அநேகமாக அடியில் இருக்கும், படியுங்கள்.

போனில் 'சரி' கேட்டதும் ராஜினாமா கொடுப்பது

தம்பி அன்றைக்கே கொடுக்கப் போனான். திருத்திய ஆஃபர் மெயிலில் வரட்டும், பிரிவுப் பட்டியலில் 45,500 எந்த வரியில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கொடு என்று பிடித்து வைத்தேன். இரண்டு நாள் கழித்து வந்தது. வண்டி விஷயம் அதில் விட்டுப்போயிருந்தது. ஒரு மெயில் போட்டான், சேர்த்து அனுப்பினார்கள். அதற்கப்புறம்தான் ராஜினாமா.