மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 38 டிகிரி: சளிதான் என்று காத்திருக்கக் கூடாத காய்ச்சல்

பிரிட்டனுக்குப் புதிதாக வந்து இங்கே முதல் குழந்தையையோ இரண்டாவது குழந்தையையோ பெற்றெடுக்கும் தமிழ்க் குடும்பங்கள், மற்ற எதை மறந்தாலும் ஓர் எண்ணை மட்டும் மறக்கக் கூடாது. பிறந்து மூன்று மாதம் நிறையாத குழந்தையின் உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், அல்லது தாண்டினால், அன்றே, அந்த வேளையிலேயே, மருத்துவம் அறிந்த ஒருவர் குழந்தையை நேரில் பார்த்தாக வேண்டும். ஊரில் நாம் பாரன்ஹீட்டில் பேசிப் பழகியவர்கள்; 38 என்பது அந்தக் கணக்கில் 100.4. "நூறுதானே, லேசான சூடு" என்று பெரிய பிள்ளைக்குச் சொல்லும் அதே வாக்கியம் கைக்குழந்தையின் விஷயத்தில் தவறாகிவிடுவது இந்த இடத்தில்தான்.

குழந்தைக்கு மூக்கடைப்பும் தும்மலும் இருந்தாலும் இந்த விதி மாறாது. இதைக் குறிப்பாகச் சொல்லக் காரணம், எங்கள் வீட்டில் நாங்களே ஏறக்குறைய சறுக்கிய இடம் இது என்பதுதான்.

எங்கள் இரண்டாவது மகளுக்கு அப்போது ஏழு வாரம். மூத்தவன் நர்சரியிலிருந்து சளியைக் கொண்டுவந்திருந்தான். இரண்டு நாளில் அது எனக்கு, பிறகு குழந்தைக்கு. மூக்கு அடைத்துக்கொண்டு பால் குடிக்கும்போது இடையிடையே விட்டு விட்டு மூச்சு வாங்கினாள். இரவு பத்தரை மணிக்கு அக்குளில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தபோது 37.8 காட்டியது. ஊரிலிருந்து வீடியோ அழைப்பில் இருந்த என் அம்மா, "சளி பிடிச்சா பிள்ளைக்கு உடம்பு சுடத்தான் செய்யும். வெத்தலையில எண்ணெய் தடவிச் சூடு காட்டி நெஞ்சுல போடு, காலையில இறங்கிடும்" என்றார். நான்கு பிள்ளைகளை வளர்த்தவரின் சொல் அது. தட்டிக்கழிக்க மனம் வரவில்லை. மேலே சுற்றியிருந்த கம்பளியை எடுத்துவிட்டு, ஹீட்டரைக் குறைத்து, கால் மணி நேரம் கழித்து மீண்டும் வைத்தோம். 38.3. போர்வையின் சூடாக இருந்திருந்தால் அது குறைந்திருக்க வேண்டும், ஏறியிருந்தது.

அளக்கும் முறையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எந்தப் பார்மசியிலும் சில பவுண்டுகளுக்குக் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். சட்டையை விலக்கி, அதன் முனை தோலில் நேரடியாகப் படும்படி அக்குளின் நடுவில் வைத்து, குழந்தையின் கையை உடலோடு மெல்ல அணைத்துப் பிடித்து, ஒலி வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். நான்கு வாரம் நிறையாத குழந்தைக்குக் காதில் வைக்கும் கருவி வேண்டாம், அக்குள்தான் சரி. நெற்றியில் ஒட்டும் பட்டையை எந்த வயதிலும் நம்ப வேண்டாம். தெர்மாமீட்டரே இல்லாத வீட்டில், மார்பிலோ முதுகிலோ கை வைத்துப் பார்த்துக் குழந்தை கொதிக்கிறது என்று தாய்க்குத் தோன்றினால் அதுவும் போதுமான காரணம். தாய் தொட்டுச் சொல்வதை இங்குள்ள மருத்துவர்கள் பொருட்படுத்தவே செய்வார்கள்.

ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவரகம் திறந்திருக்கும் நேரமானால் தொலைபேசியில் அழைத்து, குழந்தையின் வயதை வாரக் கணக்கில் முதலில் சொல்லி, அதன்பின் வெப்பத்தைச் சொல்லி, அவசர அப்பாயின்ட்மென்ட் கேட்க வேண்டும். "காய்ச்சல்" என்று மட்டும் சொன்னால் வேறு பதில் வரக்கூடும், "ஏழு வாரக் குழந்தை, 38.3" என்றால் கேட்பவரின் அடுத்த கேள்வியே மாறிவிடும். இரவிலும் வார இறுதியிலும் மருத்துவ ஆலோசனை எண்ணான 111க்குத் தொலைபேசியில் அழையுங்கள். 111இன் இணையச் சேவை ஐந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கானதன்று. அதில் நேரம் செலவிட வேண்டாம். ஆங்கிலத்தில் தடுமாற்றம் இருந்தால் எடுத்த எடுப்பிலேயே "தமிழ் இன்டர்ப்ரெட்டர்" என்று கேட்டால் போதும், இணைப்பில் சேர்த்துக்கொள்வார்கள். குழந்தையை இன்னும் ஜி.பி.யில் பதியவில்லை என்பது இந்த இரவுக்கு ஒரு தடையே இல்லை.

ஆனால் குழந்தை எழுப்பினால் எழாமல் துவண்டு கிடந்தாலோ, உதடோ நாக்கோ நீலமாகவோ சாம்பல் நிறமாகவோ மாறினாலோ, ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்ளே இழுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, உச்சிக்குழி புடைத்திருந்தாலோ, கண்ணாடி டம்ளரை அழுத்திப் பார்த்தும் மறையாத புள்ளிகள் தோலில் தெரிந்தாலோ, 111 அல்ல, ஆம்புலன்ஸை வரவழைக்கும் 999.

எங்களை 111இல் பேசியவர் ஒரு மணி நேரத்துக்குள் குழந்தைகளைப் பார்க்கும் ஏ அண்ட் ஈ என்ற அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகச் சொன்னார். மூத்தவனை எதிர்வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு, சிவப்பு நிறக் குழந்தை நலப் பதிவேட்டையும் நாப்பிகளையும் எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

சளி கண்ணெதிரே தெரியும்போது காய்ச்சலுக்கு அதையே காரணமாகக் கொள்வதில் என்ன பிழை? பெரிய பிள்ளையிடம் அது பெரும்பாலும் சரியான ஊகம்தான். கைக்குழந்தையிடம் அது சரியாக இல்லாமல் போவதற்குக் காரணம், அந்த வயதின் உடல் ஒரு தொற்றை ஓரிடத்தில் நிறுத்திவைக்கத் தெரியாதது என்பதே. சிறுநீரிலோ தோலிலோ தொடங்கும் கிருமி மணிக்கணக்கில் ரத்தத்துக்கும், அங்கிருந்து மூளையைச் சுற்றிய உறைகளுக்கும் போய்விடலாம். பிறப்பின்போது தாயிடமிருந்து வரக்கூடிய பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி, முதல் வாரத்தில் மட்டுமல்ல, ஏறத்தாழ மூன்று மாதம்வரைகூட நோயை உண்டாக்க வல்லது. கர்ப்பகாலத்தில் அது இருப்பதாக உங்களிடம் சொல்லியிருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அதோடு, இந்த வயதுக் குழந்தையிடம் நோய் தன்னைக் காட்டிக்கொள்ளும் வழிகள் மிகக் குறைவு. மூளைக்காய்ச்சல் வந்த பெரியவருக்குக் கழுத்து விறைக்கும். ஏழு வாரக் குழந்தைக்கு விறைக்காமலே இருக்கலாம். சிறுநீர்த் தொற்று உள்ள குழந்தை எரிகிறது என்று சொல்லாது. பால் கொஞ்சம் குறையும், தூக்கம் கொஞ்சம் கூடும், சிணுங்கும்: சாதாரணச் சளியிலும் இவையேதான். பார்த்த மாத்திரத்தில் தேர்ந்த குழந்தை மருத்துவரால்கூடப் பிரித்துச் சொல்ல முடியாது என்பதால்தான் ரத்தமும் சிறுநீரும் எடுக்கிறார்கள். இவ்விதம் வரும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு வைரஸ் தொற்று என்றே முடிகிறது. ஆனால் ஏறத்தாழ பத்தில் ஒரு குழந்தைக்குப் பாக்டீரியாத் தொற்று இருக்கிறது, அதில் மிகுதி சிறுநீர்த் தொற்று. மூக்கில் வைரஸ் இருப்பது சிறுநீரில் பாக்டீரியா இல்லை என்பதற்குச் சான்றாகாது. இரண்டும் ஒரே குழந்தையிடம் ஒரே நாளில் இருக்கலாம்.

எங்கள் மகளிடம் இருந்தது அதுதான். நர்ஸ் முதலில் வெப்பம், இதயத் துடிப்பு, மூச்சின் வேகம் மூன்றையும் குறித்தார். சிறுநீர் எடுப்பது எளிதாக இல்லை: பால் கொடுத்து முடித்ததும் நாப்பியைக் கழற்றி, குழந்தையை என் மடியில் ஏந்திப் பிடிக்கச் சொல்லி, குளிர்ந்த நீரில் நனைத்த பஞ்சுத்துணியால் அடிவயிற்றில் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே, கீழே சுத்தமான கிண்ணத்தைப் பிடித்தபடி கணவர் காத்திருந்தார். நாப்பியிலிருந்து பிழிந்து எடுப்பதில் வெளிக்கிருமி கலந்துவிடும் என்பதால்தான் இந்தப் பாடு. புறங்கையிலிருந்து ரத்தம் எடுத்து, அதில் ஒரு பகுதியைக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். மூக்கில் எடுத்த பரிசோதனையில் சளி வைரஸ் உண்டு என்று வந்தது. அம்மா சொன்னது சரி, சளி இருந்தது. ரத்தத்தில் வெள்ளையணுக்கள் அளவுக்கு மேல் இருந்ததால், முதுகுத்தண்டு நீரையும் எடுக்க வேண்டும் என்றார்கள்.

இந்தச் சொல்லைக் கேட்டதும் நம்மில் பலர் மறுத்துவிடுகிறோம், குழந்தை முடமாகிவிடும் என்ற பயத்தில். ஊசி போவது தண்டுவடம் முடிந்த இடத்துக்கும் கீழே. ஒரு மாதம் நிறையாத, காய்ச்சலுள்ள குழந்தைகளுக்கு இங்குள்ள வழிகாட்டுதல்படி அதைச் செய்வதே முறை. ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் இருப்பவர்களுக்கு, பார்வைக்கே நோயுற்றுத் தெரிந்தால் அல்லது வெள்ளையணு எண்ணிக்கை மிகக் குறைவாகவோ மிக அதிகமாகவோ இருந்தால் செய்வார்கள். கேள்வி இருந்தால் மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கேளுங்கள், ஆனால் பயத்தால் தள்ளிப்போடாதீர்கள்.

முடிவுகள் முழுதும் வருமுன்பே, கையில் போட்ட குழாய் வழியாக ஆன்டிபயாடிக் தொடங்கிவிட்டது. அவசரப்படுகிறார்களோ என்று அப்போது தோன்றியது. கல்ச்சரில் கிருமி வளர ஒன்று, இரண்டு நாளாகும். பாக்டீரியாவாக இருந்தால் அந்த இரண்டு நாள் குழந்தைக்குக் கிடையாது, அதனால்தான் மருந்து முதலில், பெயர் பிறகு. முதுகுநீர் தெளிவாக இருந்தது. மறுநாள் சிறுநீரில் ஈ. கோலை என்ற பாக்டீரியா வளர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். சிறுநீரகங்களைப் பார்க்கும் ஸ்கேனும் சில வாரங்களில் எடுக்கப்பட்டது. ஆறு மாதத்துக்குள் சிறுநீர்த் தொற்று வந்த குழந்தைக்கு அது வழக்கம்.

மருத்துவரைப் பார்க்குமுன் பாரசிட்டமால் கொடுத்து இறங்குகிறதா என்று பார்ப்பது ஒரு சோதனையே அல்ல. பாக்டீரியாத் தொற்றின் காய்ச்சலும் அதில் இறங்கும். இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு மருத்துவர் சொல்லாமல் அதைக் கொடுக்கவே கூடாது; ஐபுப்ரோஃபென் மூன்று மாதத்துக்கு முன் கூடாது. ஈரத்துணியால் துடைப்பதும், உரை மருந்தும், கிரைப் வாட்டரும் வேண்டாம். பாலை மட்டும் நிறுத்தாதீர்கள்.

ஒரே ஒரு இடத்தில் இந்த விதி சற்றுத் தளர்கிறது. எட்டாவது வாரத் தடுப்பூசிகளில் உள்ள மெனிங்கோகாக்கஸ் பி ஊசி, போட்ட நாளிலும் மறுநாளிலும் காய்ச்சலை உண்டாக்கக்கூடியது. அதற்கெனப் பாரசிட்டமால் அளவை நர்ஸே எழுதிக்கொடுப்பார். ஊசி போட்டு இரண்டு நாளைக்குள், நன்றாகப் பால் குடித்து, விழித்து விளையாடும் குழந்தைக்கு 38.2 இருந்தால் அந்தத் தாளில் உள்ளபடி செய்யலாம். பால் குடிக்க மறுத்தாலும், துவண்டாலும், இரண்டு நாள் கடந்தும் சூடு நின்றாலும் ஊசியின் மேல் பழி போடாமல் 111ஐ அழைத்து, ஊசி போட்ட நாளையும் சேர்த்துச் சொல்லுங்கள். சூட்டுக்கு எதிர்த்திசையையும் கவனியுங்கள்: இளங்குழந்தையின் உடல் 36 டிகிரிக்குக் கீழே போய், அறையைச் சூடாக்கி மார்போடு அணைத்தும் ஏறாவிட்டால் அதுவும் தொற்றாக இருக்கலாம்.

எல்லாம் பார்த்துவிட்டு "வைரஸ்தான், வீட்டுக்குப் போகலாம்" என்று அனுப்பினால், கிளம்புமுன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: கல்ச்சர் முடிவை யார், எந்த எண்ணுக்குச் சொல்வார்கள், இன்றிரவு மீண்டும் சூடு ஏறினால் நேராக வார்டுக்கு வரலாமா, 111 வழியாக வர வேண்டுமா. பதிலைச் சிவப்புப் பதிவேட்டின் பின்பக்கத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள், இரவு மூன்று மணிக்குத் தேடினால் கிடைக்கும் இடம் அதுதான்.