ஏழு கேள்வி, ஒரே மெயில், ஏழுக்கும் பதில்

எங்கள் பள்ளியின் பொன்விழா மலரை அச்சடித்து வாங்கும் வேலை போன வருடம் என் தலையில் விழுந்தது. அச்சகத்துக்கு நான் எழுதிய முதல் மெயில் இது:

> வணக்கம் சார். மலர் 96 பக்கம், 500 பிரதி வேண்டும். தாள் 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ போதுமா, 80 போடலாமா, தனியாக 8 பக்கம் கலர் போட்டோ வரும், அதற்கு ஆர்ட் பேப்பர் தருவீர்களா, அதைப் புத்தகத்தில் எங்கே வேண்டுமானாலும் சேர்க்கலாமா என்றும் சொல்லுங்கள். பைண்டிங் எப்படி, ப்ரூஃப் எத்தனை முறை, மொத்தம் எவ்வளவு ஆகும், 20ஆம் தேதிக்குள் கிடைக்குமா?

மறுநாள் பதில் வந்தது: "செய்யலாம் மேடம். ஃபைல் அனுப்புங்க."

எதைச் செய்யலாம்? 20ஆம் தேதிக்குள் தந்துவிடுவார் என்று நான் எடுத்துக்கொண்டேன். அவர் சொன்னது, "இந்த வேலை எங்களால் முடியும்" என்று மட்டும்தான். அவர் மேல் தப்பில்லை. மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு போனில் படிக்கிறவருக்கு அந்தப் பத்தி ஒரே கேள்வியாகத்தான் தெரிந்திருக்கும். அதே மெயிலைப் பிரித்து எழுதியது எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: மெயிலைத் திறக்காமல், கேள்விகளைத் தாளில் எழுதுங்கள்

ஒவ்வொரு கேள்விக்கும் "ஆமாம்" என்று பதில் வந்ததாக நினைத்துப் பாருங்கள். எதற்கு ஆமாம் என்ற குழப்பம் வந்தால் அங்கே இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. "ஆர்ட் பேப்பர் தருவீர்களா, எங்கே வேண்டுமானாலும் சேர்க்கலாமா" என்பது அப்படிப்பட்டது. தாள் உண்டு, ஆனால் நினைத்த இடத்தில் சேர்க்க முடியாது என்றால் அவர் என்ன எழுதுவார்? அதை இரண்டாக வெட்டினேன்.

"பைண்டிங் எப்படி?" என்பதில் வேறு கோளாறு. அதற்குப் பதில் எழுத வேண்டுமென்றால் அவர் எனக்குப் பாடமே நடத்த வேண்டும். தெரிந்த இரண்டு வகையை நாமே எழுதி, எது சரி என்று கேட்டால் ஒரே சொல்லில் பதில் வரும்: நடுவில் பின் அடிக்கும் சென்டர் பின்னா, முதுகில் பசை போட்டு ஒட்டும் பெர்ஃபெக்ட் பைண்டிங்கா?

படி 2: ஒன்றுக்காக இன்னொன்று காத்திருக்கிறதா என்று பாருங்கள்

பலர் கவனிக்காத இடம் இது. நானும் கவனிக்கவில்லை. "மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டேன். தாள் 70ஆ 80ஆ என்று முடிவாகாமல் அவர் எந்த விலையைச் சொல்வார்? விலை சொல்ல முடியாததால் மெயிலையே அப்புறம் பார்க்கலாம் என்று ஒதுக்கிவிடுவார். ஒரு கேள்வி மற்ற ஆறையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

இதற்கு இரண்டு வழி. விலையைத் தனி மெயிலுக்குத் தள்ளிவைக்கலாம். அல்லது இரண்டு தாளுக்கும் இரண்டு விலையாகக் கேட்டுவிடலாம். நான் இரண்டாவதைச் செய்தேன்.

கூடவே, யார் பதில் சொல்வார் என்றும் பாருங்கள். தமிழ் எழுத்துரு பிடிஎஃப்பில் உடையாமல் வருமா என்ற சந்தேகமும் எனக்கு இருந்தது. அது கணினியில் பக்கம் அமைக்கும் டிடிபி வேலை பார்ப்பவரிடம் கேட்க வேண்டியது. உரிமையாளருக்கு எழுதும் மெயிலில் அதைச் சேர்த்தால், "கேட்டுச் சொல்றேன்" என்பதோடு நின்றுவிடும். அதற்குத் தனி மெயில்.

படி 3: எண்ணைக் கையால் அடியுங்கள்

தானாக எண் போடும் பட்டியல் வசதி வேண்டாம். பதில் எழுதுபவர் உங்கள் மூன்றாம் கேள்விக்குக் கீழே என்டர் தட்டினால், அவருடைய பதிலுக்கே 4 என்று எண் விழும். உங்கள் நான்காம் கேள்வி ஐந்தாகிவிடும். அதற்குப் பிறகு "நாலாவது ஓகே" என்று அவர் போனில் சொன்னால் நீங்கள் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், அவர் இன்னொன்றை. "கே1", "கே2" என்று அடித்தால் எண் நகராது. ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் ஒரு வரி காலியாக விடுங்கள். அது அவர் பதில் எழுதுவதற்கான இடம்.

கேள்விகளை வேர்டு ஃபைலில் எழுதி இணைப்பாக அனுப்புவதும் வேண்டாம். போனில் படிக்கிறவர் அதைத் திறந்து பார்ப்பதே பெரிய விஷயம், அதற்குள் பதிலா எழுதப்போகிறார்.

படி 4: இப்போது மெயில்

> பொருள்: பொன்விழா மலர் அச்சு – 7 கேள்விகள் – வெள்ளிக்குள் பதில் தேவை
>
> வணக்கம் சார்.
> மலர்: கறுப்பு வெள்ளை 96 பக்கம், அதோடு கலர் 8 பக்கம். டெமி அளவு, 500 பிரதி.
> எண் போட்டுச் சுருக்கமாகப் பதில் எழுதினால் போதும்.
>
> கே1. உள்தாள்: 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ போதுமா, 80 வேண்டுமா?
>
> கே2. கலர் 8 பக்கத்துக்கு ஆர்ட் பேப்பர் தருவீர்களா?
>
> கே3. அந்த 8 பக்கத்தை 40ஆம் பக்கத்துக்கு அடுத்து வைக்க முடியுமா? முடியாது என்றால் எங்கே வைக்கலாம்?
>
> கே4. சென்டர் பின்னா, பெர்ஃபெக்ட் பைண்டிங்கா?
>
> கே5. ப்ரூஃப் எத்தனை முறை தருவீர்கள்?
>
> கே6. 500 பிரதிக்கு விலை: 70 ஜிஎஸ்எம் என்றால் எவ்வளவு? 80 என்றால் எவ்வளவு?
>
> கே7. 5ஆம் தேதி ஃபைல் தந்தால் 20ஆம் தேதி புத்தகம் கைக்கு வருமா?

"7 கேள்விகள்" என்று பொருள் வரியிலேயே போட்டதற்குக் காரணம் உண்டு. நாலுக்குப் பதில் எழுதியதும் போன் வந்து எழுந்து போனாலும், இன்னும் மூன்று பாக்கி என்று அவருக்கே தெரியும். "எண் போட்டு" என்று கேட்டதும் அதற்காகத்தான். போனில் பதில் எழுதும்போது நம் மெயில் மூன்று புள்ளிக்குள் மறைந்துகொள்ளும், பலர் அதை விரிப்பதில்லை. எண் இருந்தால், மேலேயே எழுதினாலும் எது எதற்கு என்று புரிந்துவிடும்.

படி 5: பதில் வந்ததும் எண்ணுங்கள்

அவர் எழுதியது:

> 1 – 70 போதும். 2 – உண்டு. 3 – 40ல வராது, 16 பக்கம் ஒரு ஃபாரம், 48க்கு அப்புறம் வைக்கலாம். 4 – பெர்ஃபெக்ட். 7 – வரும்.

மூன்றாவது பதிலைப் பாருங்கள். ஒரே பெரிய தாளில் அச்சடித்து மடிக்கும் 16 பக்கத் தொகுதிதான் ஃபாரம். 16, 32, 48 என்று ஃபாரம் முடிகிற இடத்தில்தான் அவர் வேறு தாளைச் செருகுவார்; 40 ஒரு ஃபாரத்தின் நடுவில் விழுகிறது. பழைய பத்தியில் இது "செய்யலாம்" என்பதற்குள் புதைந்து, அச்சான பிறகுதான் எனக்குத் தெரிந்திருக்கும்.

5ம் 6ம் இல்லை. இந்த இடத்தில் பாக்கிக் கேள்விகளுக்கு 1, 2 என்று புது எண் கொடுத்துவிடாதீர்கள். பழைய 1, 2க்கு ஏற்கெனவே பதில் இருக்கிறது. அதே மெயிலுக்கு, அதே எண்ணோடு:

> நன்றி சார். 1, 2, 3, 4, 7 குறித்துக்கொண்டேன். கலர் பக்கம் 48க்கு அடுத்து.
>
> கே5. ப்ரூஃப் எத்தனை முறை? (பதில் இல்லை என்றால் இரண்டு முறை என்று வைத்துக்கொள்கிறேன்.)
>
> கே6. 70 ஜிஎஸ்எம், பெர்ஃபெக்ட், 500 பிரதி: மொத்த விலை எவ்வளவு?

"என்று வைத்துக்கொள்கிறேன்" என்பதை, அச்சுக்கு முன் பிழை பார்க்கத் தரும் ப்ரூஃபுக்கு மட்டும் போட்டேன். தவறாகப் போனாலும் இன்னொரு முறை கேட்டு வாங்கிக்கொள்ளலாம். விலைக்கும் தேதிக்கும் அப்படி எழுதக்கூடாது. அவர் வாயால் சொல்லியே ஆக வேண்டும். 70 என்று முடிவாகிவிட்டதால் கே6ம் பாதியாகக் குறைந்துவிட்டது.

அன்று சாயங்காலமே விலை வந்தது. ப்ரூஃபைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, இரண்டு முறை கொடுத்தார்.