ஓரியண்டேஷனில் சீனியராகப் பேச வேண்டுமா? முதலாம் ஆண்டு மாணவர்களின் பயம் குறைய எட்டு நிமிடப் பேச்சைத் தயாரிக்கும் முறை

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் முதல் நாள் முதல்வரும் துறைத் தலைவர்களும் பேசி முடித்ததும், "இப்போது ஒரு சீனியர் பேசுவார்" என்று மைக்கைக் கொடுப்பார்கள். போன வருடம் அந்த மைக் என் கைக்கு வந்தது. பேசி முடித்த பிறகு பல ஜூனியர்கள் வந்து கேட்ட கேள்விகளை வைத்துத்தான் இந்த முறையை எழுதுகிறேன். மேடைக் கூச்சம், மைக் பிடிப்பது, வணக்கம் சொல்வது பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை.

படி 1: பயங்களைக் கேட்டு வாங்குங்கள்

நீங்களாக யோசித்து எழுதாதீர்கள். இப்போது இரண்டாம் ஆண்டில் இருக்கும் நாலைந்து பேரிடம் "முதல் வாரத்தில் ராத்திரி தூங்காமல் எதை நினைத்துக்கொண்டு கிடந்தாய்?" என்று கேளுங்கள். ஹாஸ்டலில் இருப்பவர், பஸ்ஸில் வந்து போகிறவர், தமிழ் வழியில் படித்தவர், வீட்டிலேயே முதலில் கல்லூரிக்கு வந்தவர் என்று கலந்து கேட்பது முக்கியம். எங்களுக்கு வந்த பதில்கள் பெரும்பாலும் மூன்றில் அடங்கின: அரியர் விழுந்துவிடுமோ, இங்கிலீஷில் நடத்துவது புரியுமா, ராகிங் இருக்குமா. எட்டு நிமிடத்துக்கு இந்த மூன்றே போதும்.

படி 2: "பயப்படாதீங்க" என்ற சொல்லை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு கணக்கை வையுங்கள்

எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்தப் படிதான். முதல் வரைவில் "பயப்படாதீங்க", "எல்லாம் ஈஸிதான்", "நாங்களும் இப்படித்தான் இருந்தோம்" ஆகிய மூன்றும் மாறி மாறி வந்தன. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு இவற்றிலிருந்து புதிதாக ஒன்றும் தெரிவதில்லை. "ஈஸிதான்" என்பது இன்னும் மோசம். நாளைக்கு அவருக்குக் கஷ்டமாக இருந்தால், தன்னிடம்தான் குறை என்று நினைத்துக்கொள்வார்.

அரியர் பயத்தையே எடுத்துக்கொள்வோம். 2021 ரெகுலேஷனில் தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. பாஸாக இரண்டு நிபந்தனைகள்: மொத்தத்தில் 50 வேண்டும், செமஸ்டர் தேர்வில் மட்டும் தனியாக 45 சதவீதம் வேண்டும். வினாத்தாள் 100 மதிப்பெண்ணுக்கு இருக்கும், அதை 60-க்கு மாற்றுவார்கள். அதாவது தாளில் 45 எடுத்தால் 27.

இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். இன்டர்னலில் 24 வைத்திருக்கும் மாணவர் தாளில் 45 எடுத்தால் 24 + 27 = 51, பாஸ். இன்டர்னலில் 18 மட்டும் வைத்திருப்பவருக்கு அதே 45 போதாது. அவருக்கு இன்னும் 32 தேவை, அதற்குத் தாளில் 54 எடுக்க வேண்டும். இன்டர்னல் 23-ஐத் தொட்டுவிட்டால் தாளில் 45 எடுத்தால் போதும் என்ற நிலை வந்துவிடுகிறது. இன்டர்னல் 35 இருந்தாலும் தாளில் 45-க்குக் கீழே போனால் பாஸ் கிடையாது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

இதைச் சொன்னதும் ஜூனியருக்குச் செய்ய வேண்டிய வேலை கண்ணில் பட்டுவிடும். முதல் இன்டர்னல் தேர்வையும் அசைன்மென்ட்டையும் விட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான். அப்புறம், அரியர் விழுந்தாலும் அடுத்த செமஸ்டருக்குப் போகலாம், அந்தத் தாளை அடுத்த தேர்வோடு சேர்த்து எழுதலாம் என்று நிதானமாகச் சொல்லுங்கள். அரியர் பெரிய விஷயமே இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். வேலைக்கு ஆள் எடுக்க வரும் பல கம்பெனிகள் அரியர் இருக்கிறதா என்று கேட்கின்றன. உண்மையை மறைத்துச் சொல்லும் ஆறுதல் முதல் ரிசல்ட் வரைக்கும்கூடத் தாங்காது.

படி 3: யாரையும் கை தூக்கச் சொல்லாதீர்கள்

"தமிழ் மீடியம் யாரெல்லாம்?" என்று மேடையிலிருந்து கேட்கவே கூடாது. அக்கறையாகக் கேட்டாலும், கை தூக்கியவர் அன்றைக்கே தனியாகத் தெரிந்துவிடுவார். எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லுங்கள், யாருக்குத் தேவையோ அவர் எடுத்துக்கொள்வார்.

நான் சொன்னது இது: "முதல் செமஸ்டர் கணக்கின் முதல் யூனிட் மேட்ரிக்ஸ். பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் படித்த அணிகள்தான் அது. ஐகன் வேல்யூவிலிருந்து புதுசு, அது எந்த மீடியத்தில் படித்தவருக்கும் புதுசு. பழைய புத்தகத்தைத் தூக்கிப் போடாதீங்க. நோட்டின் கடைசிப் பக்கத்தில் இங்கிலீஷ் சொல்லையும் தமிழ்ச் சொல்லையும் எதிரெதிரே எழுதிக்கிட்டே வாங்க."

கவனித்துப் பார்த்தால் இதில் "உங்களால் முடியும்" என்ற பேச்சே இல்லை. ஏற்கெனவே தெரிந்தது எது, தெரியாதது எங்கே தொடங்குகிறது என்பதை மட்டும்தான் காட்டியிருக்கிறோம்.

படி 4: ராகிங்கை ஒரு நிமிடத்தில், நேராக

இதைச் சுற்றி வளைக்க வேண்டாம், சிரித்துக்கொண்டும் சொல்ல வேண்டாம். தமிழ்நாட்டில் 1997-லிருந்தே ராகிங்குக்கு எதிராகத் தனிச் சட்டம் இருக்கிறது. 1996-ல் மருத்துவ மாணவர் பொன் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்ட பிறகு வந்த சட்டம் அது. யூஜிசியின் உதவி எண் 1800-180-5522. எண்ணைப் பலகையில் எழுதி, எல்லோரும் போனில் பதிந்துகொள்ளும் வரை பேசாமல் நில்லுங்கள். "பாட்டுப் பாடு, பேரைச் சொல்லு என்று சீனியர் கேட்டால் மாட்டேன் என்று சொல்லலாம்" என்று ஒரு சீனியர் வாயிலிருந்தே வருவதற்கு, சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைவிட மதிப்பு அதிகம்.

படி 5: கருவிகள், தொனி

பிபிடி வேண்டாம். ஸ்லைடு போட்டால் எல்லோரும் ஸ்லைடைத்தான் பார்ப்பார்கள், நீங்களும் திரும்பி அதைப் படிக்க ஆரம்பித்துவிடுவீர்கள். ஒரு ஏ4 தாள், ஒரு சாக்பீஸ் போதும். முந்தின நாள் போனில் முழுப் பேச்சையும் ரெக்கார்டு செய்து கேளுங்கள். உங்கள் குரல் சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல இழுக்கும் இடங்கள் அப்போதுதான் பிடிபடும். எனக்கு "சரியா? புரியுதா?" என்று முடியும் வாக்கியங்களில் அப்படி இழுத்தது. அவற்றை எடுத்துவிட்டேன்.

மேடையில் "நீங்க" என்றே பேசுங்கள். தம்பி, தங்கச்சி என்பதெல்லாம் பழகிய பிறகு தானாக வரட்டும். "குழந்தைங்களா" வேண்டவே வேண்டாம்.

கேள்வி நேரத்தில் அரங்கத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நுழையும்போதே ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்துப் பெயர் போடாமல் எழுதச் சொல்லுங்கள். எங்களுக்கு வந்த சீட்டுகளில் ஒன்று: "மெஸ்ஸில் தனியா சாப்பிட்டா யாராவது ஏதாவது நினைப்பாங்களா?" எந்த சீனியரும் தானாக யோசித்து எழுதியிருக்க முடியாத கேள்வி.

பின்சேர்க்கை (வாசகர்கள் கேட்டதால்)

தன்னாட்சிக் கல்லூரியில் படிக்கும் ஒருவர், தங்கள் இன்டர்னல் விகிதமே வேறு என்று எழுதியிருந்தார். சரிதான். மேலே உள்ள கணக்கு 2021 ரெகுலேஷன் இணைப்புக் கல்லூரிகளுக்கானது. உங்கள் ஜூனியர்களுக்கு எந்த ரெகுலேஷன் என்று அலுவலகத்தில் கேட்டு, அந்த எண்களைப் போட்டுக் கணக்கை மறுபடி செய்யுங்கள்.

இன்னொருவர், பெற்றோரும் அரங்கத்தில் இருந்தால் என்ன செய்வது என்று கேட்டிருந்தார். அரியர் கணக்கையும் ராகிங் எண்ணையும் அவர்கள் இருக்கும்போதே சொல்லுங்கள், அவர்களுக்கும் தேவை. துண்டுச் சீட்டுகளை மட்டும் அவர்கள் கிளம்பிய பிறகு பிரியுங்கள்.