தமிழ்ச் சங்க விழாவுக்குத் தலைப்பு தேடும்போது செய்யும் தவறுகள்

புதிதாகப் பொறுப்பேற்கும் செயற்குழுக்கள் முதல் கூட்டத்திலேயே கேட்கும் கேள்வி இது: "இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் வருகிற மாதிரி ஒரு தலைப்பு சொல்லுங்க." உடனே கீழடி, சங்க இலக்கியம், பறை, சிலம்பம், உணவுத் திருவிழா என்று பட்டியல் நீளும். அந்தப் பட்டியலில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை. எல்லாமே நல்ல தலைப்புகள்தான். ஆனால் வெளிநாட்டு நகரம் ஒன்றில் பல வருடங்களாகச் சங்க வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், பழைய குழுக்கள் தடுக்கி விழுந்த அதே இடத்தில்தான் புதியவர்களும் விழுகிறார்கள். தேர்வு நேரத்தில் விழா வைப்பது, நிகழ்ச்சியை இரண்டு மணி நேரம் தாமதமாகத் தொடங்குவது போன்றவை எல்லாருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

தலைப்பு மாறும், மேடை மாறாது

இதை இன்றைக்குப் பார்த்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது. இதில் வீணாவது பணம் மட்டுமல்ல, பிள்ளைகள் அடுத்த முறை நம்மை நம்பி வருவதும்தான்.

எப்படி நடக்கிறது என்றால், தலைப்பு முடிவாகும் முன்பே மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிடுவார்கள். மேடையும் திரையும் தரையில் பொருத்திய இருக்கைகளும் உள்ள அரங்கம். ஒலி ஒளிக்காரரிடமும் பேசியாகிவிடும். அதன் பிறகு எந்தத் தலைப்பு வந்தாலும் அது வரிசையாக நடக்கிற மேடை நிகழ்ச்சியாகத்தான் ஆக முடியும். ஐந்திணை என்று தலைப்பு வைத்தால் ஐந்து நடனம், ஒரு சொற்பொழிவு, ஒரு வினாடி வினா. அடுத்த வருடம் கீழடி என்றால் அதே ஐந்து நடனம், பின்னால் பானை ஓடு படம். பதினேழு வயதுப் பெண் தன் ஏழு நிமிடத்தை ஆடிவிட்டு, உடை மாற்றிக்கொண்டு, தோழிகளோடு வெளித் தாழ்வாரத்தில் போய் உட்கார்ந்துவிடுவாள். மேடையில் அவளுக்கு வேலை முடிந்தது, அரங்கில் அவளுக்கு வேலையே இல்லை.

உங்கள் விழா எப்படி என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. நிகழ்ச்சியின் நடுவில் எழுந்து போய், பதினாறிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் இருப்பவர்களை எண்ணிப் பாருங்கள். ஆடப் பாட வந்தவர்கள், தொண்டர் அட்டை போட்டவர்கள், பெற்றோர் காரில் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள் ஆகியோரைக் கழித்துவிடுங்கள். மிச்சம் இருப்பவர்கள்தான் தலைப்புக்காக வந்தவர்கள். பல விழாக்களில் இந்த மிச்சம் பூஜ்யம். ஆனாலும் மறுநாள் வாட்ஸ்அப் குழுவில் "இளைஞர்கள் திரளாகக் கலந்துகொண்டனர்" என்று செய்தி வரும்.

அதே ஐந்திணையை ஒரு குழு வேறு விதமாகச் செய்ததையும் பார்த்திருக்கிறேன். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஐந்திணை இந்தத் தலைமுறைக்குப் பொருந்தக் காரணம் அது ஒரு முறைமை என்பதுதான். ஒரு நிலம், ஒரு பொழுது, ஒரு பருவம், ஒரு மனநிலை. மலையும் நள்ளிரவும் கூடலும் குறிஞ்சி. காடும் மாலையும் காத்திருப்பும் முல்லை. வயலும் விடியலும் ஊடலும் மருதம். கடலும் இரங்கலும் நெய்தல். வறண்ட வழியும் நண்பகலும் பிரிவும் பாலை. இதைக் கற்றுக்கொண்ட பிள்ளை தான் வாழும் நகரத்தை இதே கண்ணோடு பார்க்கலாம். அதற்குத் தமிழ்நாட்டு மலையைப் பார்த்திருக்க வேண்டிய அவசியமில்லை. குறுந்தொகைப் பாட்டுகள் பெரும்பாலும் நான்கிலிருந்து எட்டு அடிக்குள் முடிந்துவிடுவதால் ஒரு பலகையில் அடங்கும். பேசுகிறவர்களுக்குப் பெயரும் கிடையாது. தலைவி, தலைவன், தோழி, தாய் என்றுதான் இருக்கும். அந்த இடத்தில் யார் வேண்டுமானாலும் நின்று பேசலாம்.

அந்தக் குழு நான்கு மாதம் முன்பே தொடங்கியது. முதல் மாதம் வாசிப்பு மட்டும். தமிழ்ப் பள்ளி ஆசிரியை ஒருவர் திணைக்கு நான்கு பாட்டு எடுத்துக் கொடுத்தார். பாட்டு, சொல்லுக்குச் சொல் பொருள், பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் மொழியில் ஒரு மொழிபெயர்ப்பு, மூன்றும் ஒரே தாளில். இரண்டாம் மாதம் நான்கைந்து பேர் கொண்ட அணிகளாகப் பிரிந்து அணிக்கு ஒரு திணை எடுத்துக்கொண்டார்கள். கடைசி இரண்டு மாதமும் செய்வதற்கு. என்ன செய்யப்போகிறோம் என்று தெரிந்த பிறகுதான் மண்டபத்தைத் தேடினார்கள். மேடை இல்லாத, சமதளத் தரை உள்ள ஒரு கூடம். இருக்கை வரிசை கிடையாது. ஐந்து பகுதி, ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டுப் பலகை, யாராவது ஒரு பாட்டியோ தாத்தாவோ அந்தப் பாட்டை வாசித்த ஒலிப்பதிவு, அப்புறம் பிள்ளைகள் செய்த ஏதாவது ஒன்று.

பாலைக்கு விமான நிலையத்தின் புறப்பாட்டு வாயிலை எடுத்தார்கள். ஒரு பெண் அதை ஒத்துக்கொள்ளவில்லை. "பாலை என்றால் வெயில், இங்கே வருஷத்தில் பாதி நாள் பனி. இது எப்படிப் பாலை ஆகும்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. ஆசிரியை தொல்காப்பியத்தை எடுத்துக் காட்டினார். பாலைக்கு வேனில் மட்டுமல்ல, பின்பனியும் உரியது என்று அதில் இருக்கிறது. அன்றைக்கே அந்தப் பகுதியின் நிறம் மாறிவிட்டது. மஞ்சள் துணிகளைத் தள்ளிவைத்துவிட்டு வெள்ளைத் துணியைத் தரைவரை தொங்கவிட்டு, நடுவில் ஒரு பழைய பெட்டியை மட்டும் வைத்தார்கள். அந்தப் பெண்தான் விழா நாள் முழுக்க அங்கேயே நின்று வருகிறவர்களுக்கு விளக்கம் சொன்னாள்.

முல்லைக்கு இரவுப் பணிக்குப் போன அம்மாவுக்காகக் காத்திருக்கும் சமையலறை. மருதத்தில்தான் பெரியவர்கள் தடுமாறினார்கள். மருதத்து ஊடலுக்குக் காரணம் தலைவன் பரத்தையிடம் போனது. இதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது, விட்டுவிடலாமே என்று செயற்குழுவில் பேச்சு எழுந்தது. விட்டிருந்தால் அந்தத் திணை வெறும் வயல் படமாக நின்றிருக்கும். பிள்ளைகள் விடவில்லை. தலைவி கதவடைத்தது சரியா, தோழி ஏன் சமாதானம் பேச வேண்டும் என்று அங்கே பெரிய விவாதமே நடந்தது. பதில் வராத குறுஞ்செய்திகளை ஒரு திரையில் ஓடவிட்டிருந்தார்கள். அன்றைக்கு அதிகக் கூட்டம் நின்றது அங்கேதான்.

பணத்தையும் சொல்ல வேண்டும். பிள்ளைகளிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு, ஒரு கெஜம் துணி வாங்கவும் பொருளாளர் கையெழுத்து வேண்டும் என்றால் இரண்டாம் வாரமே கழன்றுகொள்வார்கள். எழுதிவைத்த விதிமுறைகள் உள்ள சங்கத்தில் பொருளாளரைத் தாண்டிச் செலவு செய்ய முடியாது, அது நியாயமும்தான். அதனால் செயற்குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டு, திணைக்கு இவ்வளவு என்று உச்சவரம்பு வைத்து முன்பணமாகவே கொடுத்துவிடுங்கள். ரசீதை மட்டும் பிறகு வாங்கிக்கொள்ளுங்கள். ஒலி ஒளிக்கும் மேடை அலங்காரத்துக்கும் போகிற பணம் மிச்சமாவதால் மொத்தச் செலவு அதிகமாகாது.

இதற்கும் எல்லை உண்டு. சின்னப் பிள்ளைகளின் பெற்றோருக்கு மேடை வேண்டும், அந்த ஆசையை மறுக்க முடியாது. அதைக் காலையிலோ வேறொரு நாளிலோ தனியாக வைத்துக்கொள்ளுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள். நடமாட முடியாத பெரியவர்களுக்கு ஒவ்வொரு பகுதியிலும் நாற்காலி போடுங்கள். வேலை செய்யப் பத்துப் பேருக்கும் குறைவாக இருந்தால் ஐந்து திணையும் வேண்டாம், முல்லையும் பாலையும் மட்டும் போதும்.

சிறப்பு விருந்தினர்

தலைப்பு முடிவாகும் முன் யாருக்கும் பயணச்சீட்டு எடுக்காதீர்கள்.

"நீ யார்?" என்பதையே தலைப்பாக்குவது

இரு பண்பாட்டுக்கு நடுவில், வேர்களைத் தேடி, இந்த மாதிரித் தலைப்புகள் பெற்றோரின் கவலையிலிருந்து வருபவை. பள்ளியிலும் வேலையிலும் பெயர் சொல்லும்போதெல்லாம் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சலித்தவர்களை, சனிக்கிழமை மாலையும் வந்து அதையே சொல்லச் சொல்கிறோம். அவர்களுக்குச் செய்வதற்கு ஒரு பொருள் வேண்டும். பறை கட்டுவது, கல்வெட்டில் தமிழி எழுத்துகளைப் படிப்பது, ஒரு பாட்டை அலசுவது, எதுவானாலும் சரி.

மைக்கில் தமிழ்த் தேர்வு

தடுமாறிப் பேசுகிறவரைத் தொகுப்பாளர் நடுவில் நிறுத்தி ழகரத்தைத் திருத்தக் கூடாது. அவர் திரும்பி வரமாட்டார், பார்த்துக்கொண்டிருந்த தம்பி தங்கைகளும் மைக்கைத் தொடமாட்டார்கள்.

எல்லோரும் ஒரே வழியாக வந்ததாக நினைப்பது

குடும்பம் வந்த வழி என்பது அருமையான தலைப்பு. ஆனால் கவனமாகக் கையாள வேண்டியது. ஒரே சங்கத்தில் மென்பொருள் வேலைக்கு வந்தவர்கள் இருப்பார்கள், 1983 ஜூலைக்குப் பிறகு ஈழத்திலிருந்து வெளியேறியவர்கள் இருப்பார்கள், மலேசியத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் இருப்பார்கள். தென்னாப்பிரிக்கத் தமிழர் ஒருவர் இருந்தால் அவருடைய கதை 1860-இல் சென்னையிலிருந்து டர்பனுக்குப் போன ட்ரூரோ கப்பல் வரை போகலாம். அழைப்பிதழில் "நம் தாயகம்" என்று ஒரே ஒரு வரைபடத்தைப் போட்டால் பாதிப் பேருக்கு அங்கேயே கதவு சாத்தியாகிவிடுகிறது. உலக வரைபடம் ஒன்றைப் பெரிதாக விரித்து, அவரவர் வழியை அவரவரே நூலால் இழுக்க விடுங்கள்.

அதைவிட முக்கியம், இதை மேடையில் நேரடியாகக் கேட்டுவிடாதீர்கள். ஒரு விழாவில் தொகுப்பாளர் ஒரு பையனிடம், "உங்க அப்பா இங்கே எப்படி வந்தார்?" என்று சாதாரணமாகக் கேட்டார். பையனுக்குத் தெரியவில்லை. கீழே இருந்த தகப்பனார் எழுந்து வெளியே போய்விட்டார். வீட்டில் பேசப்படாமல் இருந்தது ஒன்று முந்நூறு பேர் முன்னால் தட்டப்பட்டது.

பிள்ளைகளை வீட்டில் உட்கார்ந்து பதிவு செய்யச் சொல்லுங்கள். முதல் கேள்வி போரைப் பற்றியோ பயணத்தைப் பற்றியோ இருக்க வேண்டாம். இங்கே வந்து இறங்கிய முதல் வாரத்தில் என்ன சாப்பிட்டீர்கள், யார் வீட்டில் தங்கினீர்கள் என்று தொடங்கினால் அவர்களே சொல்ல விரும்பும் இடம் வரை போவார்கள். பதிவு முடிந்ததும் பேசியவரே ஒருமுறை முழுதாகக் கேட்டு, எந்தப் பகுதி பொதுவில் ஒலிக்கலாம் என்று சொல்லட்டும். வேண்டாம் என்று விழா அன்று காலையில் சொன்னாலும் எடுத்துவிட வேண்டும், அதற்காக ஒன்றிரண்டு பதிவு கூடுதலாக வைத்திருங்கள். மூலப்பதிவு குடும்பத்திடமே இருக்கட்டும், சங்கத்தின் யூடியூப் பக்கத்தில் ஏற்ற வேண்டாம்.