ஸ்டென்ட் வைக்கலாமா, குழாய் போடலாமா? சாப்பாடு இறங்காத உணவுக்குழாய் புற்றுநோயில் நடக்கும் தவறுகள்

தண்ணீர்கூட நின்று நின்று இறங்கும் நிலைக்கு வந்தபிறகுதான் உணவுக்குழாய் புற்றுநோய் பலருக்கு உறுதியாகிறது. அந்த நேரத்தில் வீட்டில் எல்லோருக்கும் தோன்றுவது ஒன்றுதான், எப்படியாவது வழியைத் திறந்துவிட்டால் போதும், சாப்பிட்டுவிடுவார். ஸ்டென்ட் வைத்தால் இரண்டு நாளில் சாப்பிடலாம் என்று யாராவது சொல்லிவிட்டால் அதையே கேட்டு நிற்பார்கள். சொன்னது பொய்யில்லை, ஓரிரு நாளில் விழுங்க முடிவது உண்மைதான். ஆனால் கட்டி எவ்வளவு பரவியிருக்கிறது, ஆபரேஷன் செய்து குணப்படுத்தும் வாய்ப்பு இருக்கிறதா என்று முடிவாகும் முன்பே ஸ்டென்ட் வைத்துவிடுவது, நான் பார்த்தவரை, இந்த நோயில் திரும்பச் சரிசெய்யக் கடினமான தவறு.

காரணத்தைச் சொல்கிறேன். ஸ்டென்ட் என்பது விரிந்துகொள்ளும் கம்பிவலைக் குழாய். உள்ளே போனதும் கட்டியை வெளிப்பக்கமாக அழுத்திக்கொண்டே இருக்கும். அதில் சுவர் கிழியலாம், ரத்தம் கசியலாம், சுற்றிலும் வீக்கம் வந்து பின்னால் ஆபரேஷன் செய்யும்போது கட்டியை முழுதாக எடுப்பது கஷ்டமாகலாம். கீமோ, ரேடியேஷனில் கட்டி சுருங்கியதும் பிடிமானம் இல்லாமல் ஸ்டென்ட் நழுவி இரைப்பைக்குள் விழுவதும் உண்டு. 2015இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், ஆபரேஷனுக்கு முன் ஸ்டென்ட் வைத்தவர்களில் 3 ஆண்டு உயிரோடு இருந்தவர்கள் 25%, வைக்காதவர்களில் 44%. ஸ்டென்ட் வைத்தவர்கள் அதில் 38 பேர்தான், அதனால் இந்த எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனாலும் ஐரோப்பிய எண்டோஸ்கோபி சங்கத்தின் 2021 வழிகாட்டுதலும், ஆபரேஷன் வரைக்கும் தாக்குப்பிடிக்க என்று ஸ்டென்ட் வைக்க வேண்டாம் என்றே சொல்கிறது.

சரி, நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவிவிட்டது, ஆபரேஷன் இல்லை என்றால்? அங்கே ஸ்டென்டுக்கு முழு நியாயம் இருக்கிறது. உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் இடையே ஓட்டை விழுந்திருந்தால் உறை போட்ட ஸ்டென்ட்தான் முதல் தேர்வு. இருமாமல் ஒரு வாய் தண்ணீர் குடிக்க முடிவது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் தெரியும். அங்கே போய், வாயால் சாப்பிட வழி இருக்கும்போது, உணவு செலுத்தும் குழாய் மட்டும் போட்டு அனுப்புவதும் தவறுதான். இன்னும் சில மாதங்களுக்கு மேல் காலம் இருக்கும் என்று தோன்றினால், உள்ளிருந்து கொடுக்கும் ரேடியேஷனையும் கேட்டுப் பாருங்கள். பலன் மெதுவாகத்தான் தெரியும், ஆனால் நீடிக்கும்.

ஆக, ஸ்டென்டா குழாயா என்பது இரண்டாவது கேள்வி. ஆபரேஷன் உண்டா என்பதற்கு முதலில் பதில் வரவேண்டும். ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 62, உயரம் 165 செ.மீ., நான்கு மாதம் முன்பு 64 கிலோ, இப்போது 54. ஸ்கேனில் பக்கத்து நிணநீர் முடிச்சுகள் மட்டும் பாதிக்கப்பட்டிருக்கின்றன, தூரத்தில் எதுவும் இல்லை. திட்டம்: ஐந்து வாரம் கீமோவும் ரேடியேஷனும், பிறகு ஆறு முதல் எட்டு வாரம் இடைவெளி, அப்புறம் ஆபரேஷன். அதாவது இவரை மூன்று மாதம் தேறவைக்க வேண்டும். பத்து நாளாகச் சில வாய் பால்தான் உள்ளே போகிறது.

இவருடைய பி.எம்.ஐ. கிட்டத்தட்ட 20. அதை மட்டும் பார்த்தால் பரவாயில்லை என்று தோன்றும், அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எடை இழப்பைக் கணக்குப் போட்டால் 64இல் 10, அதாவது 15 சதவீதத்துக்கும் மேல். ஆறு மாதத்தில் 10 சதவீதத்துக்கு மேல் போனாலே ஆபரேஷனுக்கு முன் ஊட்டம் கொடுத்தாக வேண்டியவர்கள் பட்டியலில் சேர்ந்துவிடுவார். நேரே ஆபரேஷன் என்றிருந்தாலும், ஏழு முதல் பதினான்கு நாள் தள்ளிப்போட்டாவது கொடுக்கச் சொல்கிறார்கள். கீமோ தொடங்கினால் வழி தானாகத் திறக்கும் என்று காத்திருப்பதும் ஒரு பொறி. சிலருக்குச் சில வாரத்தில் விழுங்குவது எளிதாகிறது என்பது சரி, ஆனால் அந்தச் சில வாரத்தை இவர் எதை வைத்து ஓட்டுவார்? தினமும் ட்ரிப்ஸ் ஏறுகிறதே என்று நிம்மதியாக இருந்துவிடவும் கூடாது. ஒரு லிட்டர் 5% குளுக்கோஸில் இருப்பது 50 கிராம் சர்க்கரை, 200 கலோரிகூட வராது, புரதம் சுத்தமாக இல்லை.

இவருக்குத் தேவை ஒரு கிலோ எடைக்கு 30 கலோரி என்று வைத்தால் நாளுக்கு 1620 கலோரி, 65 முதல் 80 கிராம் புரதம். அது குழாய் வழியாகத்தான் போக முடியும். எண்டோஸ்கோபி உதவியோடு மூக்கு வழியாக மெல்லிய குழாய் போடலாம். நான்கு, ஆறு வாரத்துக்கு மேல் தேவைப்படும் என்று தெரிந்தால் வயிற்றில் சிறு துளையிட்டு நேராகச் சிறுகுடலில் வைக்கும் ஜெஜுனோஸ்டமி வசதி. வயிற்றுக்குள் லேப்ராஸ்கோப் என்ற கேமராக் குழலை விட்டுப் பார்க்கும் திட்டம் இருந்தால் அதே மயக்கத்தில் இதையும் முடித்துவிடலாம்.

இரைப்பையில் வைக்கும் பெக் குழாய்க்கு மட்டும் அவசரப்பட்டுச் சம்மதிக்காதீர்கள். ஆபரேஷனில் உணவுக்குழாயை எடுத்துவிட்டு, இரைப்பையைத்தான் நீளமாகத் தைத்து மேலே இழுத்து அதன் இடத்தில் வைப்பார்கள். அந்த இரைப்பை உயிரோடு இருப்பது அதன் பெரிய வளைவு ஓரமாக ஓடும் ரத்தக்குழாயை நம்பி. பெக் போடும்போது அது காயப்பட்டால் ஆபரேஷன் திட்டமே மாறிவிடலாம். பெக் போட்டும் ஆபரேஷன் நன்றாக முடிந்தவர்கள் இருக்கிறார்கள். அதனால் ஆபரேஷன் செய்யப்போகும் சர்ஜனிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள், எண்டோஸ்கோபி அறையில் நின்றுகொண்டு முடிவெடுக்க வேண்டாம்.

குழாய் போட்டாயிற்று. இப்போது ஆசையில் நடக்கும் தவறு: இத்தனை நாள் பட்டினி, முதல் நாளே 1620 கலோரியும் கொடுத்துவிடலாம் என்பது. பட்டினியில் இருந்த உடம்புக்குத் திடீரென்று மாவுச்சத்து வந்தால் இன்சுலின் ஏறும், ரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் செல்களுக்குள் ஓடிவிடும். இதயத் துடிப்பு தடுமாறலாம், மூச்சு வாங்கலாம், உயிரே போகலாம். இவர் எடை 15 சதவீதத்துக்கு மேல் இறங்கியவர், அதனால் ஆபத்து அதிகம் உள்ளவர். கிலோவுக்கு 10 கலோரியில், அதாவது 540 கலோரியில் தொடங்க வேண்டும். ஒரு மில்லிக்கு ஒரு கலோரி தரும் திரவ உணவு என்றால் மணிக்கு 22, 23 மில்லி, பம்ப் வைத்து நாள் முழுக்க. ஊட்டம் தொடங்கும் முன்பே தயமின் என்ற பி1 வைட்டமின், தினமும் ரத்தத்தில் அந்த மூன்று உப்புகளும் பார்த்து, குறைந்தால் ஈடுகட்டி, நான்கு முதல் ஏழு நாளில் முழு அளவுக்கு ஏற்ற வேண்டும். அப்போது மணிக்கு 67, 68 மில்லி வரும். முதல் சில நாளில் கால் வீக்கம், படபடப்பு, குழப்பமான பேச்சு, புதிதாக மூச்சுத் திணறல் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் சொல்லுங்கள்.

சிறுகுடல் குழாயில் சிரிஞ்சால் 200 மில்லியை ஒரே மூச்சில் தள்ளுவதும் கூடாது. இரைப்பை போல் அதைப் பிடித்துவைக்க அங்கே இடம் இல்லை, வயிறு முறுக்கிப் பேதியாகும், பிறகு "குழாய் உணவு ஒத்துக்கொள்ளவில்லை" என்று பழி அதன்மேல் விழும். தலைப்பக்கம் உயர்த்தியே வைத்திருங்கள், மாத்திரையைப் பொடித்துப் போடும் முன் திரவ மருந்து கிடைக்குமா என்று கேளுங்கள், ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவுங்கள். அடைத்துக்கொண்டால் மறுபடி எண்டோஸ்கோபி, இன்னும் இரண்டு நாள் பட்டினி.

வாரம் ஒருமுறை அதே தராசில் எடை பாருங்கள். கால் வீங்கியபடி இரண்டு கிலோ ஏறினால் அது நீர், தசை கூடியதாகக் கணக்கில் எடுக்காதீர்கள். அடுத்தவர் கையைப் பிடித்து எழுந்தவர் இப்போது நாற்காலியிலிருந்து தானாக எழுகிறாரா, வராண்டாவில் நடக்கும் தூரம் கூடுகிறதா என்று பார்த்து, எடையோடு அதையும் குறித்துவைத்து ஆபரேஷன் தேதி பேசும் நாளில் சர்ஜனிடம் காட்டுங்கள்.